தாப்பிசைக் கூட்டு: கிரகபேதம் அன்று

மேற்கத்திய இசையைத் தமிழில் விளக்கும் எழுத்துகளில், இசை நடுவே ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்குப் பெயரும் ‘மாடுலேஷன்’ என்பதைக் ‘கிரகபேதம்’ என்றும், அப்பெயர்ச்சியில் இரு சுருதிக்கும் பொதுவாய் நிற்கும் ‘பிவட் கார்டு’ என்பதைச் ‘சுழல் நாண்’ என்றும் பெயர்ப்பதை இனியும் கண்டிக்காமல் இருக்க இயலவில்லை. ‘பிவட்’ கதவின் குடுமியைக் குறித்த பிரெஞ்சுச் சொல். இசையில் வரும் ‘கார்டு’ உடன்பாடு என்னும் பொருளுடைய ‘அக்கார்டு’ என்பதன் குறுக்கம். வடிவியலின் நாணோடு அதற்கு எழுத்தொற்றுமை மட்டுமே உண்டு. ஆகவே அது ஒருங்கே ஒலிக்கும் சுரங்களின் கூட்டு, அதாவது சுரக்கூட்டு.

கிரகபேதத்தில் சுரங்கள் மாறுவதில்லை, ஆதார சட்ஜம் மட்டுமே இடம்பெயர்கிறது. மோகனத்தின் ரிஷபத்தைச் சட்ஜமாகக் கொண்டால் அதே ஐந்து சுரங்கள் மத்தியமாவதி ஆகின்றன. ஜி மேஜரிலிருந்து டி மேஜருக்குச் செல்லும்போது நிகழ்வதோ இதற்கு நேர்மாறானது: சட்ஜம் பெயர்ந்த பின்னும் மேஜர் என்னும் அமைப்பு அப்படியே இருக்க வேண்டும், அதற்காகச் சி என்னும் சுரம் சி ஷார்ப்பாக உயர்கிறது. கிரகபேதம் என்று கற்ற மாணவர் புதிய சுரத்தைத் தேடமாட்டார். பெயர்ச்சியைக் காட்டிக்கொடுக்கும் முதல் தடயமோ அதுதான். மாடுலேஷனைச் ‘சுருதிப் பெயர்ச்சி’ என்றால் போதும். இயற்பியல் பாடநூலின் ‘பண்பேற்றம்’ வானொலி அலைக்கு உரியது. அதை இங்கே ஒட்டுவதும் அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர்களின் அவசரமே.

1725-ஆம் ஆண்டுக்குரிய அன்னா மக்தலேனா பாக்கின் ஏட்டில் உள்ள ஜி மேஜர் மினுவெட் என்னும் நடன இசையை எடுத்துக்கொள்வோம். நெடுங்காலம் அவர் கணவர் யோகான் செபஸ்தியான் பாக்கின் பெயரில் வழங்கிய இது கிறிஸ்டியான் பெட்சோல்டின் ஆக்கம். இதன் முதற்பாதியாகிய பதினாறு பார்களில் சி ஷார்ப் இல்லை. 20-ஆம் பாரில்தான் அது முதன்முதலாக, டி-யை நாடும் ஏ மேஜர் கூட்டின் சுரமாக வருகிறது. ஒரு ஷார்ப்பைக் கண்டவுடன் பெயர்ச்சி என்று முடிவுகட்டக் கூடாது, ஏனெனில் அது கடந்துபோகும் அலங்காரமாகவும் இருக்கலாம். ஆனால் இங்கே 24-ஆம் பாரில் இசை டி-யில் வந்து அமர்வதால் ஐயம் நீங்குகிறது. இனி, பிவட் கார்டைக் காண, சி ஷார்ப்புக்கு ஒரு பார் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 19-ஆம் பாரில் இருப்பது இ மைனர் கூட்டு. கேட்டுவந்த ஜி சுருதியில் அது ஆறாம் சுரத்தின் மேல் எழுந்த கூட்டு, வரவிருக்கும் டி சுருதியிலோ இரண்டாம் சுரத்தின் மேல் எழுந்தது. அதில் சி-யும் இல்லை, சி ஷார்ப்பும் இல்லை என்பதால் இரு சுருதிக்கும் அது பொது.

அந்தக் கூட்டு சுழல்வதில்லை, நின்ற இடத்திலேயே நின்று முன்னும் பின்னும் பொருள் தருகிறது. செய்யுளின் இடையில் நின்ற ஒரு சொல் ஊசல் போல இருபுறமும் சென்று பொருந்துவதை நம் இலக்கணம் தாப்பிசைப் பொருள்கோள் என்கிறது. பிவட் கார்டைத் ‘தாப்பிசைக் கூட்டு’ என்றே வழங்கலாம். கடினமான சொல் என்பார்கள். ஆனால் எங்கே தேட வேண்டும், எந்தத் திசையில் படிக்க வேண்டும் என்பதைச் ‘சுழல் நாண்’ சொல்லவில்லை, இது சொல்கிறது.