வாடகைக்குக் கொடுத்த செக்குகளை நிறுத்துவதற்கு முன்

சத்துவாச்சாரியில் கடை எடுத்தவர் ஒருவர், மாதம் 12,000 ரூபாய் வாடகைக்கு ஏப்ரல் முதல் பிப்ரவரி வரை 11 செக் எழுதி உரிமையாளரிடம் கொடுத்திருந்தார். எல்லாம் 5ஆம் தேதியிட்டவை. ஆகஸ்ட் கடைசியில் கடையைக் காலி செய்தார். மீதி ஆறு செக்கைத் திருப்பிக் கேட்டால், "அப்புறம் பார்க்கலாம்" என்று பதில். செப்டம்பர் 4 மதியம் எங்கள் கிளைக்கு வந்தார்.

அவர் எழுதிக்கொண்டு வந்த கடிதத்தில் 412311 முதல் 412316 வரை நிறுத்தச் சொல்லியிருந்தார். முதல் செக் 412306, ஐந்து போய்விட்டது என்று விரல்விட்டு எண்ணிய கணக்கு. பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தால் 412311 ஆகஸ்டிலேயே பாஸாகியிருந்தது. மே மாதச் செக்கில் எழுத்துப் பிழையாகி ஒன்றைக் கிழித்ததை மறந்துவிட்டார். அதனால் பிப்ரவரிச் செக் 412317. அவர் எழுதியபடியே விட்டிருந்தால் அது ஒன்று மட்டும் நிறுத்தப்படாமல் போயிருக்கும்.

கம்ப்யூட்டர் பார்ப்பது அந்த ஆறிலக்க எண்ணைத்தான். உரிமையாளரின் வங்கி செக்கை ஸ்கேன் செய்து அனுப்பும்போது, அந்த எண்ணுக்கு எங்களிடம் ஸ்டாப் பேமெண்ட் பதிவாகியிருந்தால், அந்தக் காரணத்தோடே திரும்பும். பாஸான பிறகு நிறுத்தச் சொல்லும் கடிதம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. 2025 அக்டோபர் 4 முதல் கிளியரிங் நாள் முழுக்கத் தொடர்ந்து நடக்கிறது. காலையில் போட்ட செக் அன்றே பாஸாகிவிடலாம். ஆகவே தேதிக்கு முந்தைய வேலை நாளிலேயே கொடுத்து, சீல் வைத்த நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும்.

சரி, நிறுத்தியாயிற்று. இனி கவலையில்லை என்று பலர் நினைப்பதுதான் வம்பு. நாங்கள் நிறுத்துவது செக்கைத்தான், கடனை அல்ல. ஸ்டாப் பேமெண்ட்டால் திரும்பிய செக்குக்கும் செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவில் வழக்கு வரலாம். கடன் இருந்தது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது செக் கொடுத்தவர் பொறுப்பு. கணக்கில் போதிய பணம் இருந்தது, தர வேண்டிய பாக்கி இல்லாததால்தான் நிறுத்தினேன் என்று காட்டினால் தப்பலாம் என்பது உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதனால் அவரிடம் இரண்டு சொன்னேன். ஒவ்வொரு 5ஆம் தேதியும் கணக்கில் 12,000 ரூபாய் இருக்கட்டும். செக் தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும் என்பதால் அதுவரை இருப்பைக் குறைக்காதீர்கள், ஒரே சமயத்தில் செல்லக்கூடிய செக்குகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் அதற்கேற்பக் கூடும். அடுத்தது, சாவி ஒப்படைத்த தேதி, திருப்பித் தர வேண்டிய ஆறு செக் எண்கள், அட்வான்ஸ் கணக்கு எல்லாம் எழுதி உரிமையாளருக்குப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்.

செக் திரும்பி நோட்டீஸ் வந்துவிட்டால், பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம். அதற்குள் வக்கீல் மூலம் பதில் போய்விட வேண்டும். அப்போது அந்தத் தபால் ரசீதும் ஸ்டேட்மென்டும் கையில் இருக்க வேண்டும்.