டம்ளரை நீக்கிய பிறகு விரல்கள் எங்கே போகும்?

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து ஸ்டுடியோக்களில், மறைந்த பெரியவரின் படத்தைச் சட்டமிடக் கொண்டுவருபவர்கள் பல நேரம் கொடுப்பது, வீட்டுத் திண்ணையில் எதேச்சையாக எடுக்கப்பட்ட படத்தைத்தான். கையில் காபி டம்ளர் இருக்கும். "அதை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்பார்கள். டம்ளரை அழிப்பது கடினமன்று. படத்தின் ஒரு பகுதியை நகலெடுத்து வேறிடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்ப் கருவியால் பின்னால் உள்ள சட்டைத் துணியை நீட்டினால் போதும். ஆனால் டம்ளருக்குப் பின்னால் மறைந்திருந்த விரல் பகுதிகள் படத்தில் பதிவாகவே இல்லை. தெரியும் விரல்களோ இல்லாத ஒன்றை இன்னும் பற்றிக்கொண்டிருக்கும்.

விரல்களை மடக்கும் தசைநாண்கள் முன்கையிலிருந்து மணிக்கட்டைக் கடந்து செல்கின்றன. ஆகவே மணிக்கட்டு புறங்கைப் பக்கம் சாய்ந்தால் அவை இழுபட்டு விரல்கள் தாமாக மடங்கும். மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் தொங்கினால் விரல்கள் தளர்ந்து நீளும். பொருளைப் பிடித்த கையில் மணிக்கட்டு சற்றே பின்சாய்ந்திருக்கும். அதை அப்படியே விட்டு விரல்களை மட்டும் நீட்டி வரைந்தால், எது பிழை என்று சொல்லத் தெரியாதவர்களுக்குக்கூடக் கை செயற்கையாகத் தோன்றும். ஓய்வாக இருக்கும் கையில் ஆள்காட்டி விரல் குறைவாகவும், சுண்டுவிரலை நோக்கிச் செல்லச் செல்ல அதிகமாகவும் மடங்கியிருக்கும். இந்த வரிசைதான் முதலில் சரியாக வர வேண்டும்.

பெரியவர் வலக்கையில் டம்ளரை நெஞ்சளவில் பிடித்திருக்கிறார், வெளிச்சம் படத்தின் இடப்பக்கத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடக்கையைப் பிரதியெடுத்துத் திருப்பி ஒட்டுவது பலரும் செய்வது; ஆனால் திருப்பியதும் அந்தக் கையின் வெளிச்சம் வலப்பக்கத்துக்கு மாறிவிடும். அதைவிட, ஏறத்தாழ அதே வயதுள்ள ஒருவரை நாளின் அதே நேரத்தில், அதே திண்ணையில், கையைத் தொடைமேல் வைத்து உட்காரச் சொல்லி, கேமராவின் உயரமும் தூரமும் மாறாமல் புதிதாகப் படமெடுப்பது நல்லது. முழங்கையிலிருந்து கையைத் திருப்பிக் கீழிறக்குவதும் உதவாது. கேமராவை நோக்கி நீண்டிருந்த முன்கை படத்தில் குறுகித் தெரியும், தொடைமேல் கிடக்கும்போது அதன் நீளம் வேறு. புதிய கையைச் சட்டைக் கையின் ஓரத்தில் இணைக்க வேண்டும். வெறும் தோலின் நடுவே இணைத்தால் தடம் தெரிந்துவிடும். விரல்களுக்கும் வேட்டிக்கும் இடையில் மெல்லிய கருநிழல் இல்லாவிட்டால் கை மிதக்கும். எவர்சில்வர் டம்ளர் முகவாய்மீது வீசிய ஒளியையும் தேடி நீக்க வேண்டும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் தோலின் வெளிச்ச வேறுபாடு உடனே புலப்படும்.

கனத்த பையாக இருந்தால் வேலை தோள் வரை நீளும். ஒரு கையில் சுமை தொங்கும்போது உடல் எதிர்ப்பக்கம் சாயும். பையை மட்டும் எடுத்தால் அவர் காரணமின்றிச் சாய்ந்து நிற்பார். ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுத்த பிறகே உடலை நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பின்னாலுள்ள தூணும் சேர்ந்து சாயும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தில் நகங்கள்கூடப் பிரிந்து தெரியாதபோது இவற்றில் எதையும் செய்ய இயலாது. அப்போது கை தெரியாதபடி படத்தை மார்புக்கு மேலே வெட்டித் தருவதே சரி.