எண்ணெய் வழியும் முகமா? ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

எண்ணெய்ச் சருமம் என்று சொல்லி வருபவர்களிடம், தற்போது பயன்படுத்தும் ஃபேஸ்வாஷையும் கிரீமையும் கையோடு கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே கம்பெனி, ஒரே நிற ட்யூபில் நாலைந்து வகை விற்கும். உள்ளே இருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததாக இருக்கும். முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம். எனக்கு வேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பட்டியல்.

அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் அப்படிக் கொண்டுவந்தார். வயது இருபதுக்குள். நெற்றியும் மூக்கும் பளபளவென்று மின்னின. ஆனால் மூக்கின் இரு பக்கமும் தோல் உரிந்து சிவந்திருந்தது. “ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கழுவுறேன் டாக்டர். கழுவினதும் முகம் இழுத்துப் பிடிக்குது. ஒரு மணி நேரத்துல திரும்ப எண்ணெய் வந்துடுது” என்றார். ட்யூபின் முன்பக்கத்தில் கரி, வேப்பிலை, சாலிசிலிக் ஆசிட், 12 மணி நேர ஆயில் கண்ட்ரோல் என்று எல்லாமே இருந்தன. திருப்பிப் பார்த்தால் பட்டியல் இப்படித் தொடங்கியது: தண்ணீர், மிரிஸ்டிக் ஆசிட், கிளிசரின், ஸ்டியரிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, லாரிக் ஆசிட்.

இது சோப்பு. அவ்வளவுதான். மிரிஸ்டிக், ஸ்டியரிக், லாரிக் மூன்றும் கொழுப்பு அமிலங்கள். அவற்றோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைச் சேர்த்தால் வருவது சோப்பு. அதை ட்யூபில் அடைத்துவிட்டதால் ஃபேஸ்வாஷ் என்று பெயர். கொழுப்பு அமிலம், காரம் இரண்டும் பட்டியலின் முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் சேர்ந்தே வருகின்றனவா என்று பாருங்கள். ஸ்டியரிக் ஆசிட் மட்டும் தனியாக ஒரு கிரீமில் இருந்தாலோ, காரம் மட்டும் பட்டியலின் கடைசியில் இருந்தாலோ பயப்பட ஒன்றுமில்லை. முன்னது கிரீமைக் கெட்டியாக்க, பின்னது அமில-கார அளவான பிஹெச்சைச் சரிசெய்ய. குளியல் சோப்புக் கட்டியில் இதே விஷயம் சோடியம் பால்மேட், சோடியம் கோகோயேட் போன்ற பெயர்களில் இருக்கும். சோப்பு உறையில் டி.எஃப்.எம். 76 சதவீதம் என்று போட்டிருப்பதைக் காட்டி, “இது நல்ல சோப்புதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. அது சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பதற்கான அளவு. முதல் தர டாய்லெட் சோப்புக்கும் பிஹெச் 9, 10 என்றுதான் இருக்கும்.

இந்த எண் ஏன் முக்கியம்? நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது. பிஹெச் ஏறக்குறைய 4.7 முதல் 5.5 வரை. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே செராமைடு என்ற கொழுப்பைத் தயாரிக்கும் நொதிகள் இந்த அமில நிலையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். பிஹெச் ஏறினால் அவை மந்தமாகும். செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் புரதங்களை அறுக்கும் வேறு நொதிகள் சுறுசுறுப்பாகும். அதன் விளைவுதான் இழுப்பு, எரிச்சல், உரிதல். பிஹெச் அளவுகோலில் ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதையும் கவனியுங்கள். 5.5க்கும் 9.5க்கும் இடையே நான்கு படி, அதாவது பத்தாயிரம் மடங்கு. ஒருமுறை சோப்புப் போட்டால் தோல் சில மணி நேரத்தில் தானே பழைய நிலைக்கு வந்துவிடும். ஐந்து முறை போட்டால் மீள்வதற்கு நேரமே கிடைப்பதில்லை.

சரி, எண்ணெய் வழியும் முகம் எப்படி உலர்ந்து உரியும்? பலருக்கும் இங்கேதான் குழப்பம். முகத்தில் மின்னுவது செபம். மயிர்க்கால்களோடு ஒட்டிய சுரப்பிகள் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் கட்டளைப்படி சுரப்பது. தோலின் நீரைப் பிடித்து வைப்பது செராமைடு உள்ளிட்ட வேறு கொழுப்புகள். முதலாவது நிறைய இருக்கும்போதே இரண்டாவது குறைந்துபோகலாம். அப்புறம், அரை நிமிடம் முகத்தில் இருந்து கழுவப்படும் நுரை அந்தச் சுரப்பியின் வேலையைக் குறைக்கப் போவதில்லை. மேலே வந்து நிற்கும் எண்ணெயை அது எடுக்கும். சில மணி நேரத்தில் அடுத்தது வந்து நிற்கும். 12 மணி நேர வாக்குறுதி எங்கே இடிக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

அந்த மாணவரின் ஃபேஸ்வாஷை அங்கேயே சோதித்துப் பார்த்தோம். வீட்டிலும் செய்யலாம். ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடைகளில் பிஹெச் தாள் கிடைக்கும். சிவப்பு, நீலம் என இரண்டே நிறம் காட்டும் லிட்மஸ் தாள் இதற்கு உதவாது; எண்களோடு நிற அட்டை உள்ள தாளாக வாங்குங்கள். ஒரு பங்கு ஃபேஸ்வாஷை ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, தாளை நனைத்து, நிறம் உலர்வதற்குள் அட்டையோடு ஒப்பிட வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதற்கே ஒரு பிஹெச் உண்டு. ஃபேஸ்வாஷில் சாயம் கலந்திருந்தால் நிறம் ஏமாற்றும்; கரி கலந்த கரைசலைச் சற்று நேரம் படிய விட்டு, மேலே தெளிந்ததை எடுத்தோம். தாள் 9க்கும் 10க்கும் நடுவில் காட்டியது. வாங்கும்போது 5 முதல் 6க்குள் காட்டுவதைத் தேடுங்கள். பிஹெச் பேலன்ஸ்டு என்று எழுதிவிட்டு எண்ணைச் சொல்லாதவற்றை நான் பொருட்படுத்துவதில்லை. 7 என்பது நடுநிலை என்றாலும் தோலுக்கு அதுவும் கூடுதல்தான்.

ட்யூபில் பெரிதாகப் போட்டிருந்த சாலிசிலிக் ஆசிட்டின் கதியும் இதில் அடங்கியிருக்கிறது. எண்ணெயில் கரைந்து தோலின் துவாரத்துக்குள் போய் அடைப்பை இளக்குவது அதன் சிறப்பு. ஆனால் அது அமில வடிவில் இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். பிஹெச் 4ல் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு அமிலமாக இருக்கும். பிஹெச் 9ல் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் உப்பாக மாறி நுரையோடு சாக்கடைக்குப் போய்விடும். 2 சதவீதம் சேர்த்தோம் என்று கம்பெனி சொன்னதில் பொய் இல்லை, உங்களுக்குப் பயனும் இல்லை.

சோப்பு வேண்டாம் என்றால் பட்டியலில் என்ன இருக்க வேண்டும்? சோடியம் கோகாயில் ஐசெதியோனேட், கோகமிடோபுரொப்பைல் பீட்டெய்ன், டெசைல் குளுக்கோசைடு ஆகியவை மென்மையான சுத்திகரிப்பான்கள். சோடியம் லாரெத் சல்ஃபேட் சற்றுக் கடுமையானது, பீட்டெய்னோடு சேர்ந்து வந்தால் பலருக்கும் ஒத்துப்போகிறது. பெயரில் அதற்கு நெருக்கமான சோடியம் லாரில் சல்ஃபேட் முன்வரிசையில் இருந்தால் தவிர்த்துவிடுங்கள், பிஹெச் 5.5ஆகவே இருந்தாலும் அது எரிச்சலூட்டும். பிஹெச் மட்டும் பார்த்து வாங்கக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போர்வெல் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகும். வாளியின் உட்புறத்தில் ஒட்டும் அதே வெள்ளைப் படிவம் முகத்திலும் தங்குகிறது. நான் சொன்ன மென்மையான வகைகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

மாய்ஸ்சரைசர் என்றதும் மாணவர் பின்வாங்கினார். “ஏற்கெனவே எண்ணெய்ல மிதக்குது டாக்டர், அதுமேல கிரீமா?” அவருக்கு வேண்டியது எண்ணெய் அல்ல, நீர்ப்பிடிப்பு என்று விளக்கினேன். ஜெல் வகையில் தண்ணீருக்குப் பிறகு கிளிசரினும், அதையடுத்து டைமெத்திகோன் என்ற சிலிக்கோனும் இருந்தால் போதும். சிலிக்கோன் என்றால் துவாரத்தை அடைக்கும் என்ற பேச்சில் சாரம் இல்லை. தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர், ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட் ஆகியவை முன்வரிசையில் இருந்தால், பரு வரும் முகத்துக்கு வேண்டாம். துவாரத்தை அடைக்காது என்று பொருள்படும் நான்-காமெடோஜெனிக் என்ற வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதற்குச் சட்டப்படி வரையறை கிடையாது. துவாரத்தை அடைக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஆரம்பத்தில் முயலின் காதில் செய்யப்பட்டது. மனித முகம் அப்படியே நடந்துகொள்வதில்லை.

பட்டியல் படிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவின் இறங்குவரிசையில்தான் எழுத வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதனப் பொருளை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆகவே அந்தப் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு சதவீதமோ அதற்குக் குறைவோதான். வைட்டமின் பி3 வகையான நியாசினமைடு அதற்குப் பின்னால் இருந்தால் ட்யூபை வைத்துவிடலாம், அதற்கு 2 முதல் 5 சதவீதம் தேவை. அந்த அளவில், சில வாரங்கள் கழித்து எண்ணெய் கொஞ்சம் குறையலாம். 10 சதவீதம் என்று போட்டிருப்பதால் இரட்டிப்புப் பலன் வராது, சிலருக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் நீரைப் பிடித்து வைக்கும் ஹையலூரானிக் ஆசிட் பின்னால் இருந்தால் ஏமாற்று என்று முடிவுகட்டாதீர்கள், அது அரை சதவீதத்துக்கும் குறைவாகவே வேலை செய்யக்கூடியது.

துவாரத்தைச் சுருக்கும் என்ற வாக்கியத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். திறந்து மூட அதற்குத் தசையே கிடையாது. மெந்தால் தரும் குளிர்ச்சி நரம்பின் உணர்வு, சுத்தத்தின் அடையாளம் அல்ல. பொய்யான, தவறாக வழிநடத்தும் உரிமைகோரல்களுக்கு 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளிலேயே தடை இருக்கிறது. இருந்தும் நட்சத்திரக் குறி போட்டு, கீழே பொடி எழுத்தில் ‘பயன்படுத்தியவர்களின் கருத்து’ என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறார்கள்.

மாணவருக்குச் சொன்னது சுருக்கமானது. காலை, இரவு இரண்டு வேளை மட்டும் மென்மையான ஃபேஸ்வாஷ். இரவு கழுவியபின் முகம் ஈரமாக இருக்கும்போதே பட்டாணி அளவு ஜெல். காலையில் ஜெல் சன்ஸ்கிரீன் போதும், தனி மாய்ஸ்சரைசர் வேண்டாம். மதியம் மின்னினால் டிஷ்யூவால் ஒற்றியெடுக்கலாம். ஒரு மாதம் கழித்து வந்தபோது உரிதலும் இழுப்பும் போயிருந்தன. எண்ணெய் ஏறக்குறைய அதே அளவுதான். அது குறையாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். தோல் ஆறிய பிறகுதான் பருவுக்கான அடாப்பலீன் ஜெல்லைத் தொடங்கினோம். முன்பே கொடுத்திருந்தால் எரிச்சல் தாங்காமல் நிறுத்தியிருப்பார்.

செபச் சுரப்பையே கணிசமாகக் குறைப்பது ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. கர்ப்பக் காலத்தில் கருவுக்குக் கடும் ஊனம் உண்டாக்கக்கூடியது என்பதால் அதை மருத்துவக் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கக்கூடாது. பெண்களுக்குத் தாடைப் பகுதியில் ஆழமான பருக்களோடு மாதவிடாய் தள்ளிப்போவதும், முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் ஃபேஸ்வாஷை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது ஹார்மோன் பரிசோதனையும் சினைப்பை ஸ்கேனும்.