இந்த ஆண்டு 60 லட்சம், பிறகு ஆண்டுதோறும் 50 லட்சம்: நடுத்தரக் காலச் செலவுக் கட்டமைப்பு

பட்டர்வொர்த்தில் ஒரு அரசு சுகாதார கிளினிக் கட்டப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குத்தகை 3 கோடி ரிங்கிட். (தொகைகள் கணக்குக்காக நான் வைத்தவை.) குத்தகையாளருக்கு வேலை முடிய முடியத்தான் பணம் போகும்: 2026-இல் 60 லட்சம், 2027-இல் 1 கோடியே 40 லட்சம், 2028-இல் 1 கோடி. 2029-இல் கதவு திறந்ததும் டாக்டர், தாதியர் சம்பளம், மருந்து, மின்கட்டணம் என்று ஆண்டுக்கு 50 லட்சம் வேண்டும். அது நிற்கவே நிற்காது.

2026 வரவு செலவுத் திட்டத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு 60 லட்சம்தான் தெரியும். மலிவாக இருக்கிறதே என்று பத்து கிளினிக்கைத் தொடங்கிவிடலாம். 2029-இல் ஆண்டுக்கு 5 கோடி கூடுதல் செலவு வந்து நிற்கும். கட்டடம் மேம்பாட்டுச் செலவில், சம்பளம் நடைமுறைச் செலவில் என்று இரண்டும் தனித்தனி ஏட்டில் இருப்பதால் இந்த விபத்து எளிதாக நேர்கிறது. கட்டடம் தயார், தாதியர் பணியிடம் மட்டும் இல்லை.

இதைத் தடுக்கத்தான் நடுத்தரக் காலச் செலவுக் கட்டமைப்பு. முதலில் மூன்று ஆண்டுக்கான வருமானத்தைக் கணிக்கிறார்கள். வாங்கக்கூடிய கடனையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு செலவழிக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். அதைப் பிரித்து ஒவ்வோர் அமைச்சுக்கும் உச்சவரம்பு தருகிறார்கள். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைகளுக்கு வரும் ஆண்டுகளில் ஆகும் செலவை அமைச்சு முதலில் கழிக்க வேண்டும். மிச்சம் இருந்தால்தான் புதுத் திட்டம். அடுத்த ஆண்டு வந்ததும் ஒரு வருடம் உதிர, இன்னொன்று சேர, கணக்கு நகரும். சட்டமாவது முதல் ஆண்டு மட்டும்தான். மற்ற இரண்டும் மதிப்பீடு. மக்களவை அந்தந்த ஆண்டுக்கான பணத்தை மட்டும்தான் ஒதுக்குகிறது.

மலேசியாவில் 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பொது நிதி, நிதிப் பொறுப்புச் சட்டம் இதற்கு வேலி போடுகிறது. பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டைத் தாண்டாத நிலைக்கும், கடன் 60 விழுக்காட்டைத் தாண்டாத நிலைக்கும் கொண்டுவர வேண்டும். மேம்பாட்டுச் செலவு மட்டும் 3 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. பணம் இறுகினால் முதலில் கத்தி விழுவது கட்டுமானத்தில்தான் என்பது புத்ராஜெயாவுக்குத் தெரியும் போலும்.

ஆனால் நிதி அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் மூன்றாண்டுக் கணிப்பு, வருமானம், நடைமுறைச் செலவு, மேம்பாட்டுச் செலவு என்ற பெரிய தொகைகளோடு நிற்கிறது. அதில் நம் கிளினிக்கைத் தேட முடியாது. ஜன்னலும் சிறியது: 2026 வரவு செலவுத் திட்டத்தோடு வரும் கணக்கு 2028-ஓடு முடிகிறது. சம்பளச் செலவு தொடங்குவதோ 2029-இல். அடுத்த ஆண்டுக் கணக்கில் அது தலைகாட்டும்போது அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. அதனால்தான் திட்டத்துக்கு ஒப்புதல் தரும்போதே, ஜன்னலுக்கு வெளியே விழுந்தாலும், முழு நடத்தும் செலவையும் எழுதி வாங்க வேண்டும்.

கட்டமைப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நிதி அமைச்சின் சென்ற ஆண்டு அறிக்கையையும் இந்த ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்து, ஒரே ஆண்டுக்கு இரண்டிலும் சொன்ன தொகையை ஒப்பிடுங்கள். எண்ணெய் விலை மாறியது, சம்பளம் உயர்ந்தது என்று காரணம் எழுதியிருந்தால் சரி. காரணமே இல்லாமல் தொகை ஏறியிருந்தால் அந்த உச்சவரம்பை யாரும் மதிக்கவில்லை.