காட்டெருமையைப் பற்றி மலையில் யாரிடம் கேட்பது, பதிலை எப்படி எண்ணுவது

ஏற்காடு பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் போய் "காட்டெருமையைப் பாதுகாக்கணுமா?" என்று கேட்டால் "ஆமாங்க, பாதுகாக்கணும்" என்றுதான் சொல்வார். வந்தவர் கையில் நோட்டு இருக்கிறது, பேன்ட் சட்டை போட்டிருக்கிறார், வனத்துறை ஆளோ என்னவோ. அந்த "ஆமாங்க" காட்டெருமைக்குச் சொன்னதல்ல, கேட்டவருக்குச் சொன்னது. சேர்வராயன் மலையில் மக்களுக்கும் காட்டு விலங்குக்கும் உள்ள உறவைக் கருத்துக்கணிப்பால் அறிய விரும்புகிறவர்கள் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் இதுதான். இது கேள்வித்தாளில் தொடங்குவதில்லை, யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மூன்று ஊர்கள். ஊராட்சியின் வீட்டுவரிப் பதிவேட்டில் 520 வீடுகள் இருக்கின்றன. பட்டியல் கிடைத்துவிட்டது என்று அதிலிருந்தே எடுத்துவிடத் தோன்றும். ஆனால் எஸ்டேட் லயன்களில் குடியிருக்கும் தொழிலாளர்கள் பெரும்பாலும் அதில் வரமாட்டார்கள், ஏனென்றால் அந்த வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். விடியற்காலையில் தோட்டத்துக்குள் நடந்துபோய்க் காட்டெருமையை எதிரே பார்ப்பவர்களோ அவர்கள்தான். ஆகவே ஒரு நாள் ஒதுக்கி, லயன் லயனாக நடந்து வீடுகளை எண்ணி, தாளில் வரைந்துகொள்ள வேண்டும். அப்படி 120 வீடுகள் கிடைத்ததாகக் கொண்டால் மொத்தம் 640.

பதிவேட்டிலிருந்து நாலுக்கு ஒன்று, அதாவது 130 வீடுகள். 1 முதல் 4 வரை சீட்டெழுதிக் குலுக்கி, வந்த எண்ணில் ஆரம்பித்து ஒவ்வொரு நான்காவது வீடாகப் போகலாம். லயனிலும் நாலுக்கு ஒன்று எடுத்தால் 30 வீடுகள்தான் வரும். அவ்வளவு குறைவான எண்ணிக்கையை வைத்து லயன்காரர்களைப் பற்றித் தனியாக எதுவும் சொல்ல முடியாது. அதனால் அங்கே மட்டும் இரண்டுக்கு ஒன்று, 60 வீடுகள். கணக்குப் போடும்போது இதைச் சரிக்கட்ட வேண்டும்: பதிவேட்டு வீடு ஒன்று நாலு வீட்டுக்குச் சமம், லயன் வீடு ஒன்று இரண்டு வீட்டுக்குச் சமம். இந்த நாலும் இரண்டும்தான் அந்தந்த வீட்டின் எடை.

இதை விட்டால் என்ன ஆகும்? "காட்டெருமைக்குப் பயந்து வேலை நேரத்தை மாற்றிக்கொண்டோம்" என்று பதிவேட்டு வீடுகளில் 52 பேரும் லயனில் 45 பேரும் சொன்னதாக வைப்போம். லயனையே விட்டிருந்தால் 40 சதவீதம். எடை போடாமல் கூட்டினால் 190-க்கு 97, அதாவது 51 சதவீதம். எடையோடு கூட்டினால்:

```
(52×4 + 45×2) / 640 = 298 / 640 = 0.466
```

சரியான மதிப்பீடு 47 சதவீதம். கேள்வியும் பதிலும் ஒன்றுதான், பட்டியலைக் கையாண்ட விதத்தில் மட்டும் மூன்று விடைகள் வந்துவிட்டன.

வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைத் தட்டுவது கணக்கெடுப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள கை அரிப்பு. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பகலில் வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்களும் உடம்புக்கு முடியாதவர்களும்தான். அவர்களையே கேட்டுக்கொண்டு போனால் வேலைக்குப் போகிறவர்களின் கருத்து விழுந்துவிடும். வெவ்வேறு நேரத்தில், ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக, இன்னும் இரண்டு முறையாவது போய்ப் பார்த்த பிறகே "ஆளில்லை" என்று குறிக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயும் யார் பேசுவது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வாசலிலும் வீட்டுக்காரர் மட்டுமே முன்னால் வந்து நிற்பார். அடுப்புக்கு விறகு பொறுக்கப் போகிறவர் உள்ளேயே இருந்துவிடுவார்.

ஒப்புதல் என்றால் கையெழுத்து வாங்குவது என்ற நினைப்பு இங்கே சரிப்படாது. பன்றிக்குச் சுருக்கு வைப்பதும் வேலியில் கரண்ட் விடுவதும் குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்திராவிட்டாலும் அதன் பயம் உண்டு. காகிதத்தில் கைநாட்டு வைத்த பிறகு யாரும் உண்மையைப் பேசமாட்டார்கள். அதோடு, பெயர் எழுதாத கணக்கெடுப்பில் பெயரைக் காட்டிக்கொடுக்கும் ஒரே தாள் அதுவாகத்தான் இருக்கும். வாய்மொழி ஒப்புதல் போதும், கேட்டவர் தேதியும் நேரமும் போட்டுத் தன் கையெழுத்தை இட்டுக்கொள்ளலாம். சொல்ல வேண்டியதைப் பேச்சுத் தமிழிலேயே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது:

"நாங்க ஃபாரஸ்ட் ஆளுங்க இல்லீங்க. இதனால உங்களுக்கு நஷ்டஈடு எதுவும் வராது. பேரு எழுத மாட்டோம். அரை மணி நேரம் ஆகும். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், நடுவுல எந்திரிச்சுப் போனாலும் தப்பில்லை. பேசலாமுங்களா?"

நஷ்டஈடு பற்றிய வரியைத் தயக்கத்தில் விழுங்கிவிடக் கூடாது. அதைச் சொல்லாவிட்டால் சேதக் கணக்கு கூடிக்கொண்டே போகும். ஊர்க்கவுண்டரிடமும் எஸ்டேட் மேனேஜரிடமும் முதலில் பேசத்தான் வேண்டும், ஆனால் அது ஊருக்குள் நுழைய அனுமதி, அவ்வளவே. மேஸ்திரி பக்கத்தில் நிற்கையில் தொழிலாளி தலையாட்டினால் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது.

அளவுகோல் கேள்விகளில் ஒரே ஒரு விஷயம். "முழுமையாக உடன்படுகிறேன்" முதல் "சற்றும் உடன்படவில்லை" வரை ஐந்து படிகளை வாயால் வாசித்தால் கேட்பவருக்குக் கடைசிப் படிதான் நினைவிருக்கும். இரண்டாகப் பிரித்து, முதலில் "சரிங்களா, இல்லீங்களா?", பிறகு "கொஞ்சமாவா, ரொம்பவா?" என்று கேட்டால் அதே ஐந்து படிகள் கிடைத்துவிடும். இரண்டுமில்லை என்பவர் நடுவில் வருவார்.

கணக்கெடுப்பின் உயிர் திறந்த கேள்வியில் இருக்கிறது: "தோட்டத்துல காட்டெருமை நின்னா என்ன செய்வீங்க, எதனால?" பதிலைச் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். "சாயங்காலத்துக்கு மேல வெளிய போறதில்லீங்க" என்றதை "அச்சம் உள்ளது" என்று அங்கேயே சுருக்கினால், பிறகு திரும்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது.

வீடு திரும்பியதும் 40 பதில்களை உருவி, திரும்பத் திரும்ப வரும் கருத்துகளுக்கு வகைப்பெயர் கொடுக்கலாம்: பயம், பயிர்ச்சேதம், இரக்கம், சலிப்பு. ஒவ்வொன்றுக்கும் எது சேரும், எது சேராது, ஒரு மாதிரிப் பதில் எது என்று எழுதிவைக்க வேண்டும். "என்ன பண்றது, வாயில்லா ஜீவன்" என்பதில் சலிப்பும் உண்டு, இரக்கமும் உண்டு. அதற்கு இரண்டு வகையையும் கொடுக்கலாம்.

பிறகு இன்னொரு 40 பதில்களை இரண்டு பேர் தனித்தனியாக வகைப்படுத்த வேண்டும். "பயம்" என்ற வகையை 12 பதில்களுக்கு இருவரும் கொடுத்தார்கள், 20-க்கு இருவரும் கொடுக்கவில்லை, ஒருவர் மட்டும் கொடுத்தவை 5, மற்றவர் மட்டும் கொடுத்தவை 3 என்று வைப்போம். 40-க்கு 32 பொருந்துகிறது, 80 சதவீதம், பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும் 52 சதவீதம் பொருந்தியிருக்கும். அதைக் கழித்துப் பார்ப்பதுதான் கோஹன் கப்பா:

```
(0.80 - 0.52) / (1 - 0.52) = 0.58
```

0.7-க்கு மேல் வராமல் மேலே போகாமலிருப்பது நல்லது. முட்டிய எட்டுப் பதில்களை அடுக்கிப் பார்த்தால் காரணம் புலப்படும். "சாயங்காலத்துக்கு மேல வெளிய போறதில்லீங்க" என்பதை ஒருவர் பயம் என்கிறார். பயம் என்ற சொல்லே இல்லையே, அது அவர்கள் செய்யும் செயல்தானே என்கிறார் மற்றவர். இதில் யார் சரி என்பது முக்கியமில்லை. "விலங்குக்காக நடமாட்டத்தைக் குறைத்தது" என்று தனி வகை ஒன்றைச் சேர்த்து, விளக்கத்தைத் திருத்தி, புதிதாக 40 பதில்களில் மறுபடி சோதிக்க வேண்டும். பழைய நாற்பதிலேயே சோதித்தால் இருவருக்கும் விடை ஏற்கெனவே தெரியும்.

"தெரியலீங்க", "சொல்ல விருப்பமில்லை", கேட்க மறந்தது, இவை மூன்றுக்கும் மூன்று தனி எண்கள் வேண்டும், 88, 99, 77 என்பதுபோல. மூன்றையும் வெற்றிடமாக விட்டால், சுருக்கு பற்றிய கேள்விக்கு எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டார்கள் என்பது பிறகு தெரியவே தெரியாது.

அறிக்கையில் ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துக்காட்டும்போது பெயரை நீக்குவது மட்டும் போதாது. நாற்பது வீட்டு ஊரில் "போன மாசம் என் கறவை மாட்டைக் குத்திடுச்சு" என்ற ஒரு வரியே, சொன்னவர் வீடு எது என்பதை ஊர் முழுக்கச் சொல்லிவிடும்.