ஸ்பெகுலர் ஹைலைட்: ஆடித்தெறிப்பு

நகையின் அண்மைப்படத்தை உருவாக்கும் மென்பொருளுக்கு விவரிப்பு எழுதுவோரும், முப்பரிமாணக் கணினிப்படம் வரைவோரும், விளம்பர ஒளிப்படக்காரர்களும் ஒருங்கே கையாளும் சொல் 'ஸ்பெகுலர் ஹைலைட்'. ஒரு பரப்பின் மீது விளக்கோ சன்னலோ தன் உருவத்தையே கண்ணாடியில் காட்டுவதுபோலப் பதிக்கும் ஒளிப்புள்ளியை அது குறிக்கும். பெங்களூரின் சிக்பேட்டை, நகரத்பேட்டை நகைக்கடைகளுக்குப் பட்டியல் படங்கள் செய்துதரும் தமிழர்கள் பேச்சில் இதை 'ஹைலைட்' என்றோ 'ஷைன்' என்றோ சுருக்கிவிடுவதுண்டு. சுருக்கும்போது உதிர்ந்துபோகும் அடைமொழியில்தான் பொருளின் பெரும்பகுதி இருக்கிறது.

'ஸ்பெகுலம்' என்பது லத்தீனில் முகம் பார்க்கும் ஆடியைக் குறிக்கும். பார்த்தல் என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்த சொல் அது. ஆகவே 'ஸ்பெகுலர்' என்றால் ஆடியைப் போன்றது என்று பொருள். இயற்பியலிலிருந்து கணினி வரைகலைக்கு இச்சொல் வந்தபோது ஒரு குறையும் உடன் வந்தது. கணினி வரைகலை ஆய்வாளர் புய் துவாங் ஃபோங் 1975-இல் வெளியிட்ட ஒளியூட்டக் கணக்கு, பரப்பில் சிதறும் ஒளியையும் ஆடிபோலத் திரும்பும் ஒளியையும் தனித்தனியே கணித்துக் கூட்டியது. அந்த வழியில் வரைந்த படங்களில், பொருள் எதுவாயினும், ஒளிப்புள்ளி விளக்கின் நிறத்திலேயே அமைந்ததால் உலோகங்கள் வண்ணம் ஏற்றிய பிளாஸ்டிக்கைப் போலத் தோன்றின. 1980-களின் தொடக்கத்தில் ராபர்ட் குக், கென்னத் டாரன்ஸ் ஆகிய இருவரும், உலோகத்தில் அந்தப் புள்ளிக்கும் உலோகத்தின் நிறம் உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்தனர். தங்கம் தங்கமாகத் தெரிவதற்கான காரணம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம் என்பதில் சில தெரிவுகள் உள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவ்வகை ஒளித்திரும்பலை 'ஒழுங்கான எதிரொளிப்பு' என்கின்றன. அது நிகழ்வைச் சரியாகச் சொல்கிறது, ஆனால் புள்ளியைச் சுட்டுவதற்கு நீளமானது. நகை செய்யும் பத்தர்கள் வழங்கும் 'மெருகு' அழகான சொல்தான், எனினும் அது பரப்பின் தன்மை. அதன் மேல் விழும் ஒளியின் பெயரன்று. 'பளபளப்பு' இன்னும் பொதுவானது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் எதிரொளிப்பைத் 'தெறிப்பு' என்கின்றன. குழியாடி, குவியாடி என்று நாம் படித்த 'ஆடி'யை அதனுடன் சேர்த்து 'ஆடித்தெறிப்பு' என்றால் லத்தீன் மூலத்தின் பொருளும் வந்துவிடுகிறது, புள்ளியைச் சுட்டும் சுருக்கமும் கிடைக்கிறது. என் தெரிவு இதுவே.

ஆடித்தெறிப்பின் நிறம் எதைப் பொறுத்தது என்று தெரிந்தால் விவரிப்பு பெரிதும் நேராகிவிடும். தங்கத்தின் மேல் நேராக விழும் ஒளியில் சிவப்பு ஏறத்தாழ முழுதும் திரும்புகிறது, பச்சை முக்கால் பங்கு, நீலம் மூன்றில் ஒரு பங்கு அளவே திரும்புகிறது. எனவே வெண்ணிற விளக்கு தங்கத்தில் மஞ்சளாகவே தெறிக்கும். கல்லும் தோலும் உலோகமல்ல. அவற்றின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளி விளக்கின் நிறத்தை மாற்றுவதில்லை. அளவில்தான் வேறுபாடு: வைரம் ஆறில் ஒரு பங்கையும், மாணிக்கம் நூற்றில் எட்டுப் பங்கையும், தோல் நூற்றில் மூன்று பங்கையும் திருப்புகின்றன. இதற்கு ஒரு வரம்பும் உண்டு. மிகச் சாய்ந்த கோணத்தில் தங்கமும் நிறத்தை இழந்து வெளுக்கும். ஒளி மிகும்போது கேமராவில் புள்ளியின் நடு வெள்ளையாகிவிடும். அப்போதும் அதன் ஓரத்தில் மஞ்சள் விளிம்பு நிற்க வேண்டும்.

கெம்புக்கல் பதித்த 22 காரட் ஜிமிக்கி ஒன்றை, மாநிறத்தையும் தாண்டிய கருந்தோலுடைய பெண்ணின் காதில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான விவரிப்பு இப்படி இருக்கும்: "தகதகவென மின்னும் தங்க ஜிமிக்கி, ஜொலிக்கும் சிவப்புக்கற்கள், மாசற்ற மிருதுவான சருமம்." இதில் ஒளி எங்கிருந்து வருகிறது என்பதே இல்லை. விளைவாகத் தங்கத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள் திசைக்கொன்றாகச் சிதறும், ஒவ்வொரு கல்லிலும் வானவில் தெறிக்கும், தோல் மெழுகாகிவிடும்.

கெம்பில் வானவில் வருவது தவறு என்பதைக் கல் பார்ப்பவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். நிறங்களைப் பிரிக்கும் ஆற்றல் வைரத்திற்கு இருப்பதில் பாதிக்கும் குறைவாகவே மாணிக்கத்திற்கு உண்டு; போதாததற்குக் கெம்பு பெரும்பாலும் பட்டை தீட்டாத, உச்சி உருண்ட கல்லாகப் பின்புறம் மூடிய குழியில் பதிக்கப்படுகிறது. ஆகவே அதன் ஒளி இரண்டடுக்கானது. மேலே சிறிய, வெண்மையான ஓர் ஆடித்தெறிப்பு. உள்ளே புகுந்த ஒளி குவிந்து, தெறிப்புக்கு எதிர்ப்பக்கத்தில் மங்கலான செந்தணலாகத் தெரியும்.

இவற்றைக் கொண்டு எழுதினால் விவரிப்பு இவ்வாறு மாறும்: "இடப்பக்கம் ஒரே ஒரு பெரிய சன்னல், மெல்லிய திரையூடே வரும் பகல் வெளிச்சம், வலப்பக்கம் கருந்துணி. ஜிமிக்கியின் குடை வளைவில் சன்னலின் உருவம் நீண்டு வளைந்த வெளிர்மஞ்சள் பட்டையாகவும், துணியின் உருவம் அடர்பழுப்பாகவும் படிந்திருக்கிறது. ஒவ்வொரு கெம்பிலும் இடப்பக்கத்தில் ஒரு சிறு வெண்புள்ளி, வலப்பக்கத்தில் உள்ளிருந்து எழும் செம்மை. கரும்பழுப்புத் தோலில் தாடையோரம் அகன்ற மங்கலான பளபளப்பு, அதனூடே நுண்துளைகளும் பூனைமயிரும். காதுமடலின் கீழே தங்கத்திலிருந்து வீசும் மஞ்சள் சாயல்."

இதில் கருந்துணி பலருக்கு வியப்பளிக்கலாம். தங்கத்திற்குத் தன்னுடையதென்று சொல்ல நிறம் மிகக் குறைவு. சுற்றிலும் இருப்பதைத்தான் அது மஞ்சளாக்கிக் காட்டுகிறது. சுற்றிலும் வெளிச்சமே இருந்தால் அது மஞ்சள் தாளாகிவிடும். எதிரே இருள் இருந்தால்தான் வளைவு தெரியும், கனம் தெரியும்.

தோலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மேற்பரப்பில் நிகழும் நூற்றில் மூன்று பங்குத் தெறிப்பு எல்லா நிறத் தோலுக்கும் ஏறத்தாழ ஒன்றே. நிறத்தை முடிவு செய்வது உள்ளே புகுந்து மெலனினால் வடிகட்டப்பட்டு வெளிவரும் ஒளி. கருந்தோலில் அந்த உள்ளொளி குறைவு என்பதால் அதே தெறிப்பு துலக்கமாகத் தெரிகிறது. 'பிரகாசமான சருமம்' என்று எழுதினால் மென்பொருள் பல நேரம் உள்ளொளியைக் கூட்டித் தோலையே வெளுக்கச் செய்துவிடுகிறது. நம் ஊர்ப் பட்டியல்களில் மணப்பெண்கள் எல்லாம் ஒரே நிறமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். எழுத வேண்டியது, தோலின் நிறத்தையும் தெறிப்பின் இடத்தையும் தனித்தனியாக.

படம் வந்தபின் சரிபார்க்கும் வழி எளிது. எல்லாக் கற்களிலும் புள்ளி ஒரே பக்கத்தில் இருக்கிறதா, கண்மணியில் தெரியும் சன்னலும் அதே பக்கமா, தங்கத்தின் வெண்புள்ளியைப் பெரிதாக்கினால் மஞ்சள் விளிம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் முதலாவதே அடிக்கடி தவறும். எவ்வளவு தெளிவாக எழுதினாலும் வரிசையின் கடைசிக் கற்களில் புள்ளி இடம் மாறிவிடுவதுண்டு. அதை மறுபடி விவரித்துச் சரிசெய்ய முயல்வதைவிட, அந்தக் கற்களை மட்டும் கையால் திருத்துவது விரைவில் முடியும்.