மொட்டைமாடி டிஷ்ஷுக்குள் என்ன நடந்தது?

"தூர்தர்ஷன் காலத்தில் வீட்டுக்கு வீடு ஆன்டெனா இருந்தது. ஸ்டார் டிவி வந்ததும் தெருவுக்கு ஒரு டிஷ், வீடுகளுக்கு வெறும் ஒயர் என்று ஆனது ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. செயற்கைக்கோள் வந்தால் ஒயர் குறையத்தானே வேண்டும்?

1959இல் டெல்லியில் தொடங்கி 1975இல் சென்னைக்கு வந்த தூர்தர்ஷன் கோபுரத்திலிருந்து ஒளிபரப்பியது. 1983இல் இன்சாட்-1பி ஏவப்பட்ட பிறகும் வீட்டு ஆன்டெனா மாறவில்லை. செயற்கைக்கோள் தந்த படத்தைச் சிற்றூர்களில் இருந்த 100 வாட் டிரான்ஸ்மிட்டர்கள் வாங்கி, சுற்றுவட்டாரத்துக்கு மறுபடி ஒளிபரப்பின. கைக்கெட்டும் தூரத்திலிருந்து வரும் அலைக்கு நான்கைந்து அலுமினியக் குழாய்கள் போதும்.

1991இல் ஸ்டார் டிவி வாடகைக்கு எடுத்த ஏசியாசாட்-1 வேறு ரகம். அதற்கு ஒரு விசித்திரமான பூர்வீகம் உண்டு. வெஸ்டார்-6 என்ற பெயரில் தவறான பாதையில் சிக்கிக் கிடந்த அதை, 1984 நவம்பரில் டிஸ்கவரி விண்கலத்தின் வீரர்கள் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். பழுதுபார்த்து, விற்று, 1990இல் சீன ராக்கெட்டில் மறுபடி ஏற்றினார்கள். கீழிருந்து வரும் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிதான் டிரான்ஸ்பாண்டர். அதில் இருந்த ஒவ்வொரு டிரான்ஸ்பாண்டரின் திறனும் ஒரு குண்டு பல்பை விடக் குறைவு. அந்த அலை 36,000 கிலோமீட்டர் கடந்து, ஆசியாவின் பெரும்பகுதி மேல் பரவி, நம் மொட்டைமாடியில் விழ வேண்டும். அதைத் திரட்ட 10, 12 அடி டிஷ் தேவைப்பட்டது.

அந்த டிஷ் கம்பிவலையாக இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை வழியே அலை நழுவாதா? நழுவாது. 4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7.5 சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் ஓட்டை அதன் கண்ணுக்குத் தெரியாது. காற்று மட்டும் புகுந்து போகும். டிஷ் சாயாமல் நிற்கும். 1975-76இல் சைட் என்ற செயற்கைக்கோள் டிவி திட்டத்தில் 2,400 கிராமங்களுக்குப் படம் காட்டியதும் இத்தகைய வலை டிஷ்களே. அரசுப் பணத்தில் நடந்த அந்த ஓராண்டுச் சோதனையை வீண்செலவு என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

நான் ரசிப்பது டிஷ்ஷின் குவியத்தில் தொங்கும் எல்.என்.பி. என்ற சின்ன டப்பாவை. 4 கிகாஹெர்ட்ஸ் அலையை அப்படியே ஒயரில் இறக்கினால், 20 மீட்டருக்குள் அதன் பெரும்பகுதி கரைந்துவிடும். எனவே இந்த டப்பா முதலில் அலையைப் பெருக்குகிறது. பிறகு தனக்குள்ளேயே 5,150 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையை உண்டாக்கி, வந்ததோடு கலக்கிறது. இரண்டு அலைகள் கலந்தால் அவற்றின் வித்தியாசமும் ஓர் அலையாகப் பிறக்கும்: 5,150-இல் 4,000 போக 1,150. அதிர்வெண் குறைந்தாலும் சுமந்துவந்த படம் சிதையாது. இது ஒயரில் சுகமாக இறங்கும்.

கீழே கேபிள்காரரின் அறையில் சேனலுக்கு ஒரு ரிசீவர், ஒரு மாடுலேட்டர். செயற்கைக்கோள் படத்தை எஃப்.எம். முறையில் அனுப்பியது; வீட்டு டிவிக்கோ ஏ.எம். மட்டுமே புரியும். ரிசீவர் படத்தைப் பிரித்தெடுக்க, மாடுலேட்டர் அதைத் தூர்தர்ஷன் பாணியில் மறுபடி அலையேற்றியது. இத்தனைச் செலவும் தெருவுக்கு ஒருமுறை போதும் என்பதே வாசகருக்கான பதில்.

கோளாறையும் திரையே சொல்லிவிடும். கறுப்பும் வெள்ளையுமாகச் சிறு கீற்றுகள் பளிச்சிட்டால், டிஷ்ஷுக்கு வரும் அலை போதவில்லை. எல்லா சேனலிலும் சீராகப் புள்ளிகள் பொரிந்தால், தெருவோரக் கம்பத்து ஆம்ப்ளிஃபையர்கள் வரிசையாக இரைச்சலைச் சேர்த்திருக்கின்றன. கடைசி வீட்டுக்காரர் பாவம். மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் இன்னொரு வேடிக்கை. சென்னையிலிருந்து பார்த்தால் காலை பத்து மணி வாக்கில் சூரியன் ஏசியாசாட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியனும் ரேடியோ அலை உமிழ்வதால், சில நிமிடங்களுக்குப் படம் மூழ்கிவிடும். கிரகபலனை நம்பாத நானும் ஒப்புக்கொள்ளும் ஒரே கிரகபாதிப்பு இதுதான்.

இந்தியாவிலிருந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பத் தனியாருக்கு அப்போது அனுமதி இல்லை. 1992 அக்டோபரில் தொடங்கிய ஜீ டிவியின் நாடாக்கள் ஹாங்காங் போய், அங்கிருந்து மேலேறின. கீழே டிஷ் வைத்தவர்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1995இல்தான் வந்தது.

தொடர்களின் போக்கு மாறியதிலும் டிரான்ஸ்பாண்டருக்குப் பங்குண்டு என்பது என் கருத்து. ஒரே சேனலில் நேரம் அரிது. 1984இல் ஹம் லோக், 1987இல் ராமாயண் என்று ஒவ்வொன்றும் ஊரை உட்கார வைத்தது. டிரான்ஸ்பாண்டரோ இரவுபகலாக ஓடும் வாடகைச் சொத்து. காலி மணி ஒவ்வொன்றும் நஷ்டம். ஒரே வீட்டு செட்டில், அதே நடிகர்களை வைத்து நாள்தோறும் எடுக்கும் கதை அந்த நேரத்தை மலிவாக நிரப்பியது. போட்டிக்குத் தூர்தர்ஷனே 1994இல் சாந்தி என்ற தினசரித் தொடரைப் பிற்பகலில் இறக்கியது. 1999இல் சன் டிவியில் சித்தி தொடங்கியபோது, தமிழ் வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரத்தையே தொடர்தான் தீர்மானித்தது.